இருபத்தைந்தில் தொடங்கும் மாதம்: சில்லறைக் கடைக்காரருக்கு ஒரு செக் கணக்கு

கொழும்பில் சிறு கடை நடத்துபவரின் செக் திரும்புவதற்கு நட்டம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வரவு செலவு சரியாகவே இருக்கும், லாபமும் இருக்கும். ஆனால் காசு வரும் நாள்கள் ஒரு பக்கம், காசு போகும் நாள்கள் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதி, விற்பனை மந்தமான நாள்களில் பெரிய செக் எதுவும் விழாதபடி திகதிகளை எப்படி மாற்றுவது என்பதை இங்கே பார்ப்போம். உதாரணத்துக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பலசரக்குக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் கடையின் தொகையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் மாதத்தின் தொடக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கலண்டரில் மாதம் 1ஆம் திகதி தொடங்குகிறது. கடைக்கு அது 25ஆம் திகதி தொடங்குகிறது. அரசாங்கச் சம்பளம் 25ஆம் திகதியளவில் இறங்கும், தனியார் கம்பனிச் சம்பளம் அதிலிருந்து மாதக் கடைசி வரை வரும். அடுத்த மாதம் 10ஆம் திகதியளவில் ஓய்வூதியக்காரர் கையில் கொஞ்சம் காசு புழங்கும். அதன் பிறகு 24 வரை வறட்சிதான். இதை வாங்குபவர் கையிலேயே காணலாம். 27ஆம் திகதி ஐந்து கிலோ அரிசிப் பையும் 400 கிராம் பால்மாவும் கேட்ட அதே வீடு, 18ஆம் திகதி கால் கிலோ பருப்பும் சின்னப் பால்மா பக்கெட்டும் கேட்கும். ஆள் குறையவில்லை. வாங்கும் அளவுதான் குறைந்தது.

எல்லாக் கடைக்கும் பள்ளம் ஒரே நாளில் வராது. கோட்டைப் பக்கத்து அலுவலகங்களை நம்பிய சாப்பாட்டுக் கடைக்கு ஞாயிறும் போயாவும் கிட்டத்தட்டப் பூச்சியம், குடியிருப்புப் பகுதியில் இருக்கும் பலசரக்குக் கடைக்கு அதே ஞாயிறுதான் நல்ல நாள். போயா தினத்தில் இறைச்சி விற்க முடியாது. சைவக்காரர் கூடுதலாக உள்ள வெள்ளவத்தைத் தெருக்களில் வெள்ளிக்கிழமை முட்டை விற்பனை இறங்கி மரக்கறி ஏறும். அதனால் கேள்விப்பட்டதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடைசி மூன்று மாதப் பெட்டிக்காசை நாள் வாரியாக ஒரு கொப்பியில் மாதத்துக்கு ஒரு பத்தியாக அருகருகே எழுதுங்கள். 25ஐ முதல் வரியாகவும் 24ஐக் கடைசி வரியாகவும் வையுங்கள். மூன்று பத்தியையும் சேர்த்துப் பார்த்தால் பள்ளம் எந்த நாளில் தொடங்குகிறது என்பது கண்ணிலேயே தெரியும்.

நம் உதாரணக் கடையில் பாண், பால், முட்டை, மரக்கறி, கம்பனி வான்காரருக்குக் கொடுக்கும் காசு எல்லாம் அன்றன்றே பெட்டியிலிருந்து போகின்றன. அவை போக மிஞ்சி பேங்கில் போடக்கூடிய தொகையை மட்டும் எடுப்போம். 25 முதல் 5 வரை 11 நாளும் நாளுக்கு 36,000 ரூபா. 6 முதல் 14 வரை 9 நாளும் 27,000. 15 முதல் 24 வரை 10 நாளும் 18,000. மொத்தம் 819,000.

போக வேண்டியது என்ன? கடை வாடகை 55,000, 5ஆம் திகதி. உதவியாளரின் சம்பளம் 45,000. அதன் மேல் முதலாளி கட்ட வேண்டிய இ.பி.எஃப். 12 வீதமும் இ.ரி.எஃப். 3 வீதமும் சேர 52,000 அளவில் வரும், 30ஆம் திகதி. (தொழிலாளியின் 8 வீதம் அவர் சம்பளத்திலிருந்தே கழிபடுகிறது. ஒரு மாதத்துக்குரிய இரண்டையும் அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டலாம். ஆனால் சம்பளம் கொடுக்கும் அன்றே அந்தக் காசையும் ஒதுக்கிவிட்டால் அது வேறு செலவில் கரையாது.) வீட்டுச் செலவுக்கு 70,000, 1ஆம் திகதி. கரண்ட், தண்ணீர், போன் 23,000, 12ஆம் திகதி. இவை 200,000. நான்காம் குறுக்குத் தெரு மொத்தக் கடையில் எடுக்கும் அரிசி, சீனி, பருப்பு, வெங்காயத்துக்குச் செக்காக 615,000. ஆக 815,000. வரவு 819,000. மாதம் சரியாகிறது, வீட்டுக்கும் காசு எடுத்தாயிற்று.

இப்போது செக் திகதிகளைப் பார்ப்போம். கடைக்காரர் சம்பள நெரிசலுக்காக 24ஆம் திகதி 275,000 ரூபாவுக்குச் சரக்கு எடுக்கிறார். மொத்தக் கடையில் 21 நாள் தவணை தருகிறார்கள். நீண்ட தவணை என்று சந்தோஷப்பட்டு வாங்கிக்கொள்கிறார். செக் 15ஆம் திகதிக்கு. 3ஆம் திகதி 200,000க்கு எடுக்கிறார், 14 நாள், செக் 17க்கு. 8ஆம் திகதி 140,000, 14 நாள், செக் 22க்கு. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல பேரம். மூன்றும் சேர்ந்து பள்ளத்துக்குள் விழுகின்றன.

24 இரவு பேங்கில் 50,000 இருந்ததாக வைத்துக்கொண்டால், 10ஆம் திகதி இரவு 404,000 இருக்கும். வாடகை, சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம் முடிந்து நாலு லட்சம். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பனி விற்பனைப் பிரதிநிதி வருகிறார். ஒரு லட்சத்துக்குச் சவர்க்காரமும் பால்மாவும் ஒரேயடியாகக் காசுக்கு எடுத்தால் நல்ல கழிவு என்கிறார். கையில் நாலு லட்சம் இருக்கும்போது ஒரு லட்சம் பெரிதாகத் தெரியாது. வாங்கிவிடுகிறார். பிறகு நடப்பது இது:

| திகதி | வரவு | செலவு | மீதி |
|---|---|---|---|
| 10 இரவு | | கழிவுச் சரக்கு 100,000 | 304,000 |
| 11–14 | 108,000 | பில்கள் 23,000 | 389,000 |
| 15 | 18,000 | செக் 275,000 | 132,000 |
| 16 | 18,000 | | 150,000 |
| 17 | 18,000 | செக் 200,000 | 32,000 குறைவு |

17ஆம் திகதிச் செக் திரும்பும். சவர்க்காரம் கெட்டுப்போகாத சரக்கு, கழிவும் உண்மையான கழிவுதான். அதனால் சரக்கைக் குறை சொல்ல முடியாது. பேங்க் மீதியைச் சொந்தக் காசு என்று எண்ணியதில்தான் பிழை. அந்த நாலு லட்சத்தின் மேல் ஏற்கனவே 615,000 ரூபாவுக்குச் செக் எழுதிக் கொடுத்தாயிற்று. அவை மொத்தக் கடைக்காரரின் மேசை லாச்சிக்குள் திகதிக்காகக் காத்திருக்கின்றன. பேங்க் புத்தகத்துக்கு அது தெரியாது.

அதனால் இரண்டு மீதி வைத்திருக்க வேண்டும். ஒன்று பேங்க் சொல்வது. மற்றது நீங்கள் கொப்பியில் எழுதுவது, அதைக் கழித்த மீதி என்று சொல்வோம். செக்கின் திகதி எப்போதாக இருந்தாலும், எழுதிய அன்றே கழித்த மீதியிலிருந்து அதைக் குறைத்துவிட வேண்டும். 10ஆம் திகதி கழித்த மீதி 404,000இலிருந்து 615,000 போக, 211,000 குறைவு. இந்தக் குறைவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வரப்போகும் விற்பனை அதை நிரப்பும். எவ்வளவு நிரப்பும் என்பதுதான் கேள்வி. கடைசிச் செக் நாளான 22 வரை கணக்கிடுங்கள்: 11 முதல் 14 வரை 108,000, 15 முதல் 22 வரை 144,000, ஆக 252,000. அதில் பில்லுக்கு 23,000 போகும். 211,000 குறைவை அடைத்தபின் மிஞ்சுவது 18,000. அன்று கழிவுச் சரக்குக்குக் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை இதுதான். பிரதிநிதி கடையில் நிற்கும்போதே செய்துவிடக்கூடிய மூன்று வரிக் கணக்கு இது.

அந்த 18,000கூட உறுதி இல்லை. அது 22ஆம் திகதியின் விற்பனைக் காசே. செக்கில் போட்ட திகதிக்கு முதல் நாள் மாலையிலேயே காசு கணக்கில் இருக்க வேண்டும் என்று வைத்தால், கழிவுச் சரக்கு வாங்காவிட்டாலும் இந்தக் கடைக்கு மிச்சம் பூச்சியம். மழைக்கு ஒரு நாள் விற்பனை விழுந்தாலும் செக் திரும்பும். ஆகவே திட்டத்தையே மாற்ற வேண்டும்.

மாற்றம் மொத்தக் கடையின் மேசையில் நடக்கிறது. அங்கே வழக்கமாக எத்தனை நாள் தவணை என்றுதான் பேச்சு. நாளைக் கேட்காமல் திகதியைக் கேளுங்கள். நெரிசலுக்காக எடுக்கும் சரக்கு நெரிசலிலேயே விற்றுத் தீர்வதால் அதற்கு 21 நாள் தேவையே இல்லை. அந்தத் தவணையைத் திருப்பிக் கொடுத்து, வேறொன்றை வாங்கலாம்.

"முதலாளி, இந்த ரெண்டே முக்கால் லட்சத்துக்கு இருபத்தொரு நாள் வேணாம். ஒன்றரை லட்சம் ரெண்டாம் திகதிக்கே எழுதுறன், மிச்சம் ஏழாம் திகதிக்கு. ஆனா அடுத்த மாசம் எட்டாம் திகதி எடுக்கிற சரக்குக்குச் செக் இருபத்தெட்டுக்குத்தான் தருவன்."

மொத்தக் கடைக்காரருக்கு இது நட்டமில்லை. 275,000 ரூபா அவருக்கு எட்டு நாளிலும் பதின்மூன்று நாளிலுமாகக் கிடைத்துவிடுகிறது. பதிலாக 140,000க்கு மட்டும் ஆறு நாள் கூடக் கொடுக்கிறார். ஒழுங்காகச் செக் மாறும் ஆள் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். 3ஆம் திகதிச் சரக்கு 200,000க்கும் ஒரே செக் வேண்டாம், 12க்கு ஒரு லட்சம், 19க்கு ஒரு லட்சம் என்று இரண்டாகப் பிரியுங்கள்.

இப்போது மீண்டும் நடந்து பார்ப்போம். அதே 50,000இல் தொடங்கி, சம்பளம், வீடு, வாடகை எல்லாம் அதே நாளில் போக, 2ஆம் திகதிச் செக் மாறிய இரவு மீதி 66,000. 7ஆம் திகதி இரவு 48,000, இதுதான் மாதத்தின் மிகத் தாழ்ந்த இடம். அன்றைய விற்பனையை எண்ணாவிட்டாலும் 21,000 நிற்கும். 12இல் 60,000, 19இல் 104,000. 24 இரவு 194,000. அதில் 140,000 அடுத்த 28ஆம் திகதிச் செக்குக்கு உரியது, மிச்சம் 54,000 சொந்தம். விற்பனை ஒரு ரூபாவும் கூடவில்லை, விலையும் மாறவில்லை. பள்ளத்துக்குள் 615,000 விழுந்த இடத்தில் இப்போது 100,000 மட்டும் விழுகிறது.

இரண்டாவது திட்டத்தில் மீதி என்றைக்கும் நாலு லட்சத்தை எட்டாது என்பதையும் கவனியுங்கள். காசு வந்த வேகத்தில் உரியவரிடம் போய்விடுகிறது, கையில் பெரிய தொகை நின்று ஆசை காட்டுவதில்லை. இந்த முறையின் பெரிய நன்மை இதுவென்றே சொல்லலாம்.

ஓடர் கொடுக்கும் நாள்

செக் திகதியை மட்டும் மாற்றிவிட்டு ஓடரை மாற்றாவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். பருப்பை எடுத்துக்கொள்வோம். நெரிசலில் நாளுக்கு 6 கிலோ போகிறது, பள்ளத்தில் இரண்டரைக் கிலோ. 25 கிலோ மூடை ஒன்று நெரிசலில் நாலு நாளில் முடியும், பள்ளத்தில் பத்து நாள் ஓடும். ஆக, 14ஆம் திகதி இரவு ஒரு முழு மூடை இருந்தால் 24 வரை பருப்பு வாங்கவே வேண்டாம். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். நெரிசல் வேகத்தை மனதில் வைத்து 12, 13ஆம் திகதிகளில் இன்னும் இரண்டு மூடை ஓடர் கொடுப்பார்கள். அது மூலையில் நிற்கும், அதற்குரிய செக் பள்ளத்தில் ஓடும்.

அதிகம் விற்கும் பத்துச் சாமானுக்கு மட்டும் நெரிசல் வேகம், பள்ள வேகம் என இரண்டு எண்ணை எழுதி வைத்தால் போதும். எல்லாச் சாமானுக்கும் எழுதப் போனால் இரண்டாம் வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். பள்ள நாள்களுக்கு வாங்கும்போது அளவோடு வடிவத்தையும் மாற்றுங்கள்: கிலோ பக்கெட் குறைவு, 100 கிராம், 250 கிராம் கூடுதல். 18ஆம் திகதி வருபவர் கேட்கும் அளவு இறாக்கையில் இல்லாவிட்டால் அவர் அடுத்த கடைக்குப் போவார், காசு இருக்கும் 26ஆம் திகதியும் அங்கேயே போய்விடக்கூடும்.

பெரிய ஓடரை 24ஆம் திகதிக்கு வைக்கும்போது கலண்டரையும் பாருங்கள். புறக்கோட்டையில் பல மொத்தக் கடைகள் ஞாயிறும் போயாவும் பூட்டு, வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் பல கடைகளில் ஆள் இருக்காது. 24 ஞாயிறாக வந்தால் சனி காலையே சரக்கு வந்திருக்க வேண்டும். வந்த மூடைகளைப் பிரித்து கிலோ கிலோவாகக் கட்டிவைக்கும் வேலையை நெரிசல் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். 26ஆம் திகதி ஆள் வரிசையில் நிற்கும்போது தராசில் நிறுத்துக்கொண்டிருந்தால் விற்பனைதான் கெடும்.

மந்த நாள்களின் மற்ற வேலை கடன் கொப்பி. 16ஆம் திகதி வாடிக்கையாளரிடம் கடனைக் கேட்டால் முகம் முறியும், காசும் வராது. அந்த நாள்களில் கொப்பியைக் கூட்டி முடியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் சம்பளத் திகதியை எழுதுங்கள்: 25, 30, 10 என்று. அந்தத் திகதிக்கு மறுநாள் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுங்கள். அந்த வீட்டுக் காசு வேறு இடத்துக்குப் போவதற்கு முன் உங்கள் கடைக்கு வர இருப்பது ஓரிரு நாள்தான்.

எங்கே பிசகும்

முதலாவது, பேங்க் லீவு. வெள்ளிக்கிழமை போயா என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் செக் மாறாது. அந்த நாள்களின் திகதியிட்ட செக்குகள் எல்லாம் திங்கள் ஒன்றாக வந்து நிற்கும். தனித்தனி நாளுக்கு என்று எழுதிய இரண்டு செக் ஒரே நாளில் விழுந்துவிடும். காட் மெஷினில் வாங்கிய காசும் அந்த லீவில் கணக்குக்கு வராமல் தங்கக்கூடும். ஆகவே மாதத் தாளில் முதலில் போயாவையும் லீவையும் சிவப்பால் அடித்துவிட்டுத்தான் செக் திகதி எழுத வேண்டும். வாரக்கடைசிப் பெட்டிக்காசைத் திங்கள் காலை கிளையில் வரிசையில் நின்று போடுவதைவிட ஞாயிறு மாலையே காசு வைப்பு மெஷினில் போடுவது பாதுகாப்பு.

இரண்டாவது, கை மாறும் செக். நீங்கள் கொடுத்த செக்கை மொத்தக் கடைக்காரர் தன் இறக்குமதிக்காரருக்குக் கொடுத்துவிடலாம். பிறகு அவரிடம் திகதி தள்ளக் கேட்டுப் பயனில்லை, செக் அவர் கையில் இல்லை. இதைத் தவிர்க்க இரட்டைக் கோடு போட்டு, பெறுநர் கணக்குக்கு மட்டும் என்ற வாசகத்தையும் எழுதிக் கொடுக்கலாம். சில கடைகள் அப்படியான செக்கை விரும்பாது. அப்படிப்பட்ட இடத்தில் தொகையைச் சின்னதாக வையுங்கள்.

மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவது. வருமான வரித் தவணைகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதி. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ள கடைக்கு இது சரியாகப் பள்ளத்தின் முதல் நாளில் வந்து நிற்கிறது. திகதியை மாற்ற முடியாது. ஒதுக்கும் நாளை மாற்றலாம்: தவணையை மூன்றால் பிரித்து, ஒவ்வொரு மாதமும் 28ஆம் திகதி வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். சீட்டுக் கட்டுபவர்களுக்கும் இதே வழி. சீட்டில் சேரும்போதே கட்டும் திகதி 1க்கும் 5க்கும் இடையில் உள்ளதா என்று பாருங்கள். 20ஆம் திகதிச் சீட்டில் சேர்ந்தால் பள்ளத்தில் நீங்களே ஒரு செக் எழுதிக்கொண்டது போலத்தான்.

நான்காவது, ஏப்ரலும் டிசம்பரும். பண்டிகைக்காகச் சம்பளம் முந்திக் கிடைத்தால் விற்பனை முந்தி ஏறும். ஆனால் அடுத்த சம்பளம் பழைய திகதியில்தான் வரும். பத்து நாள் பள்ளம் பதினைந்து, இருபது நாளாக நீளும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் புறக்கோட்டையும் சில நாள் பூட்டியிருக்கும். இந்த இரண்டு மாதத்துக்கும் வழக்கமான தாளைப் பயன்படுத்தாதீர்கள். போன வருடத்து அதே மாதப் பெட்டிக்காசை எடுத்துத் தனித் தாள் போடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு செக்குக்குக் காசு குறையும் என்று கழித்த மீதி காட்டினால், அதைத் திகதிக்கு நாலைந்து நாள் முன்பே காணலாம். அந்த நாளே மொத்தக் கடைக்கு நேரில் போங்கள். ஒரு லட்சம் செக்கில் முப்பதாயிரம் குறைகிறதென்றால், எழுபதாயிரத்துக்கு அதே திகதியில் ஒரு செக்கும், முப்பதாயிரத்துக்கு 27 அல்லது 28ஆம் திகதிக்கு இன்னொரு செக்கும் எழுதிக் கொடுத்து, பழைய செக்கைக் கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள். திகதிக்கு முதல் நாள் மாலை போன் எடுத்தால் செக் பேங்குக்குப் போயிருக்கும். திரும்பிய செக்குக்கு பேங்க் கட்டணம் ஒரு பக்கம். அடுத்த 24ஆம் திகதி நெரிசலுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது "காசைக் கொண்டு வாங்க, பிறகு ஏத்துவம்" என்று மொத்தக் கடையில் சொல்லிவிட்டால், இரண்டே முக்கால் லட்சம் ரொக்கம் அன்று எந்தச் சில்லறைக் கடைக்காரர் கையிலும் இருக்காது.